‘ஆயுள் முழுக்க இலவசம்’ என்றார்களே, பிறகு எதற்குக் கட்டணம்?

கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட் வந்ததும் நம்மில் பலர் கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். நடுவில் ‘ஆண்டு உறுப்பினர் கட்டணம்’ என்று ஒரு வரி உட்கார்ந்திருப்பது கண்ணில் படுவதில்லை. பட்டாலும், “ஐந்நூறு ரூபாய்தானே, யார் போய் மல்லுக்கட்டுவது?” என்று விட்டுவிடுகிறோம். ஆனால், ‘ஆயுள் முழுக்க இலவசம்’ என்று சொல்லிக் கொடுத்த கார்டில் அந்த வரி ஒரு தடவை நுழைந்துவிட்டால் அது ஒரு தடவையோடு நிற்காது. அடுத்த வருஷமும் அதே மாதத்தில் வந்து நிற்கும்.

போன் செய்து கேட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களே என்கிறீர்களா? கொடுப்பார்கள்தான். ஆனால் எந்தப் பெயரில் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ‘சலுகை’ என்று கொடுப்பது வேறு, ‘தவறு திருத்தப்பட்டது’ என்று கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாங்குக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்பதும் தெரிந்துவிடும். திருச்சியில் இருக்கும் ஒரு தையல் ஆசிரியையின் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன், கேளுங்கள்.

நடந்தது என்ன?

அந்தச் சகோதரி 2022 செப்டம்பரில், தாம் கணக்கு வைத்திருக்கும் பாங்கிலேயே ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். “மேடம், இது லைஃப் டைம் ஃப்ரீ. ஒரு பைசா கட்டணம் கிடையாது” என்றுதான் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கார்டோடு வந்த விவரத் தாளிலும் ‘ஆண்டுக் கட்டணம்: இல்லை’ என்று அச்சிட்டிருந்தது. முதல் வருஷமும் இரண்டாம் வருஷமும் கட்டணம் வரவில்லை.

2024 ஜூனில் பாங்கிலிருந்து வேறு நிறத்தில், வேறு பெயரில் ஒரு புதுக் கார்டு தபாலில் வந்தது. பழைய வகைக் கார்டை நிறுத்திவிட்டோம், இனி இதைப் பயன்படுத்துங்கள் என்று கூட வந்த தாளில் எழுதியிருந்தது. கட்டணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவரும் பழைய கார்டின் தொடர்ச்சிதானே என்று பயன்படுத்தத் தொடங்கினார்.

செப்டம்பர் 18ஆம் தேதி ஸ்டேட்மெண்ட் வந்தது. மாதம் முழுவதும் அவர் வாங்கிய சாமான்கள் 4,236 ரூபாய். அதன் கீழே ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய். அதற்கும் கீழே, தனி வரியில், ஜி.எஸ்.டி. 89 ரூபாய் 82 காசு. கட்டணத்தின் மேல் 18 சதவீத வரி அது. ஆக, இலவசக் கார்டுக்கு 588 ரூபாய் 82 காசு!

உடனே கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்தார்.

“மேடம், நீங்க நல்ல கஸ்டமர். இந்த ஒரு தடவை 499 ரூபாயை ரிவர்ஸ் பண்ணிடறோம்.”

“அப்போ அடுத்த வருஷம்?”

“அடுத்த வருஷம் ஐம்பதாயிரத்துக்கு மேல வாங்கினீங்கன்னா கட்டணம் வராது மேடம்.”

அக்டோபர் ஸ்டேட்மெண்டில் சொன்னபடியே 499 ரூபாய் திரும்பி வந்தது. வரி 89.82 வரவில்லை. “போன பணம் பெரும்பாலும் வந்துடுச்சே, விடேன்” என்றார் கணவர். “அது வரல்லைங்கறது இருக்கட்டும். இலவசம்னு கொடுத்த கார்டு எப்போ ஐம்பதாயிரம் கணக்கா மாறிச்சு? அதை யார் என்கிட்டே கேட்டாங்க?” என்று இவர் பேனாவை எடுத்தார்.

சலுகையில் ஒளிந்திருக்கும் சங்கடம்

அவர் கேட்டது மிக நியாயமான கேள்வி. பாங்க் ‘சலுகை’யாகப் பணத்தைத் திருப்பினால், கட்டணம் போட்டது சரிதான், நாங்களாகப் பார்த்து விட்டுக்கொடுத்தோம் என்று பொருளாகிவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலும் கட்டண வரியை மட்டும் நீக்கிவிட்டு வரியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் அந்தக் கார்டு ‘கட்டணக் கார்டு’ என்றே பதிவாகி நிற்கும். மறு வருஷம் தானாகவே கட்டணம் விழும். மறுபடியும் போன், மறுபடியும் கெஞ்சல்.

தவறைத் திருத்துவது என்றால் அப்படியில்லை. போடவே கூடாத கட்டணம் என்று ஒப்புக்கொண்டால், கட்டணத்தோடு அதன் மேல் போட்ட வரியும் போக வேண்டும். கார்டின் பதிவும் ‘கட்டணம் இல்லை’ என்று மாற வேண்டும். எனவே கடிதத்தில் “தயவுசெய்து தள்ளுபடி செய்யுங்கள்” என்று எழுதாதீர்கள். “தவறாகப் போட்ட கட்டணத்தை ரத்து செய்யுங்கள்” என்று எழுதுங்கள்.

முதலில் ஆதாரம்

கடிதம் எழுதும் முன் வீட்டில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். கார்டோடு வந்த கவரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதில் கட்டண விவரத் தாள் இருக்கும். அது இல்லாவிட்டால் கார்டு வந்த சமயத்தில் போனில் வந்த குறுஞ்செய்தி, மின்னஞ்சல் இவற்றைத் தேடுங்கள். பாங்க் செயலியில் கார்டின் விவரப் பக்கத்தில் ‘ஆண்டுக் கட்டணம் இல்லை’ என்று காட்டினால் அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அது மாறிவிடலாம்.

இவை எதுவுமே இல்லையா? பழைய ஸ்டேட்மெண்டுகளே பேசும். ‘முதல் வருஷம் மட்டும் இலவசம்’ என்ற கார்டாக இருந்தால் இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் கட்டணம் விழுந்திருக்க வேண்டும். நம் தையல் ஆசிரியைக்கு 2023 செப்டம்பரில் எதுவும் விழவில்லை. அந்த மாத ஸ்டேட்மெண்டையே அவர் சாட்சியாக வைத்தார்.

உங்கள் தாளில் ‘முதல் வருஷம் இலவசம்’ என்றோ, ‘இத்தனை ரூபாய்க்கு வாங்கினால் இலவசம்’ என்றோ அச்சிட்டிருந்தால், ஏஜெண்ட் வாயால் சொன்னதை வைத்து மட்டும் வாதாடுவது கடினம். அப்போது சலுகை கேட்பதுதான் வழி. எந்த வகை என்பதை முதலில் பார்த்துக்கொண்டு பேனாவைத் திறவுங்கள்.

பில்லைக் கட்டுவதா, நிறுத்துவதா?

“தப்பாப் போட்ட பணத்தை நான் ஏன் கட்டணும்?” என்று ரோஷம் வருவது இயற்கை. ஆனாலும் கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம் என்பேன். 588 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்தாலும் ‘பில் பாக்கி’ என்று ஆகிவிடும். பாக்கி இருந்தால் வட்டியில்லாத நாட்கள் என்ற வசதி போய்விடும். அடுத்து வாங்கும் மளிகைக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கட்டணம் தவறு என்று தீர்ப்பானாலும், இந்தக் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியேற்றுவது பெரும் பாடு.

கட்டிவிட்டால் உரிமை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். “ஆட்சேபத்துடன் கட்டியிருக்கிறேன்” என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால் போதும். பிறகு பணம் திரும்பும்போது கார்டுக் கணக்கில் வரவாக நிற்கும்.

பயன்படுத்தாமல் பீரோவில் தூங்கும் கார்டு இருந்தால் இன்னும் கவனம் தேவை. “நான்தான் அதைத் தொடவே இல்லையே” என்று ஸ்டேட்மெண்டைப் பிரிக்காமல் இருப்போம். கட்டணம், அதன் மேல் தாமதக் கட்டணம் என்று வளர்ந்து, ஒரு நாள் வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது ‘பாக்கிக்காரர்’ என்று கடன் தகவல் அறிக்கையில் பெயர் இருக்கும்.

கடிதம் இப்படி இருக்கட்டும்

அந்தச் சகோதரி 2024 அக்டோபர் 21 அன்று எழுதிய கடிதம் இது. பெயர், முகவரியை மட்டும் எடுத்துவிட்டேன்.

“அனுப்புநர்: (பெயர், முகவரி, பாங்கில் பதிவான போன் எண்)

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள். நகல்: கிரெடிட் கார்டு வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: கடைசி நான்கு எண்கள் (....) கொண்ட கிரெடிட் கார்டில் தவறாக விதித்த ஆண்டுக் கட்டணத்தை ரத்து செய்து, பதிவைத் திருத்தக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மேற்படி கார்டு எனக்கு 2022 செப்டம்பரில் ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாக வழங்கப்பட்டது. அப்போது தாங்கள் தந்த விவரத் தாளின் நகலை இணைத்துள்ளேன். 2023 செப்டம்பரில் கட்டணம் விதிக்கப்படவில்லை என்பதற்கு அம்மாத ஸ்டேட்மெண்டின் நகலையும் இணைத்துள்ளேன்.

2024 ஜூனில் தாங்களாகவே பழைய கார்டுக்குப் பதில் புதுக் கார்டு அனுப்பினீர்கள். அதற்குக் கட்டணம் உண்டு என்று எனக்குத் தெரிவிக்கவில்லை. என் சம்மதத்தையும் பெறவில்லை. ஆனால் 18-9-2024 ஸ்டேட்மெண்டில் கட்டணம் ரூ. 499, ஜி.எஸ்.டி. ரூ. 89.82, ஆக ரூ. 588.82 விதித்துள்ளீர்கள். அதை ஆட்சேபத்துடன் கெடுவுக்குள் கட்டிவிட்டேன். தொலைபேசியில் முறையிட்டபின் ரூ. 499 மட்டும் ‘சலுகை’ எனத் திருப்பப்பட்டது.

நான் கோருவது சலுகையல்ல. கீழ்க்கண்ட மூன்றும்:

1. மீதியுள்ள வரி ரூ. 89.82 ஐத் திருப்ப வேண்டும்.

2. கார்டின் பதிவில் ‘ஆண்டுக் கட்டணம் இல்லை’ என்று திருத்த வேண்டும்.

3. அவ்வாறு திருத்தியதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கட்டணம் சரியே என்று தாங்கள் கருதினால், நான் அதற்குச் சம்மதித்ததைக் காட்டும் ஆவணத்தின் நகலை அனுப்பக் கோருகிறேன். 30 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு, (கையெழுத்து, தேதி)”

உங்களுக்கு இன்னும் ஒரு பைசாவும் திரும்பவில்லை என்றால், தொலைபேசி வரியை எடுத்துவிட்டு முதல் கோரிக்கையில் முழுத் தொகையையும் எழுதுங்கள். கார்டின் முழு எண்ணையும், பின்புறம் உள்ள மூன்று இலக்க எண்ணையும் எந்தக் கடிதத்திலும் எழுதாதீர்கள். கடைசி நான்கு எண்கள் போதும்.

கடிதத்தைக் கிளையில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார். அதையே படமெடுத்து மின்னஞ்சலிலும் அனுப்பினார். மின்னஞ்சலுக்குப் புகார் எண் வந்தது. அந்த எண்ணைக் கடித நகலின் தலைப்பிலேயே குறித்து வைத்தார். பின்னால் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் சாவி.

எதை நம்பி 30 நாள் என்று எழுதினார்?

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கிரெடிட் கார்டுகளுக்கென்று விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அந்த வருஷம் ஜூலை முதல் அவை நடைமுறைக்கு வந்தன. இலவசமாகத் தரும் கார்டில் மறைமுகக் கட்டணம் இருக்கக் கூடாது. கார்டு தரும்போது தெளிவாகச் சொல்லாத கட்டணத்தை வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. கட்டணத்தை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், அதுவும் இனி வரும் காலத்துக்கு மட்டுமே. பில்லில் ஆட்சேபம் சொன்னால் 30 நாட்களுக்குள் விளக்கமும் தேவையானால் ஆதாரமும் தர வேண்டும் - இவையெல்லாம் அதில் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. கேட்காமலே கார்டைக் கொடுத்தோ, இருக்கிற கார்டை உயர்வகையாக மாற்றியோ, சம்மதம் இல்லாமல் அதைச் செயல்படுத்திக் கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்புவதோடு, அதைப்போல் இரண்டு மடங்கு தொகையை அபராதமாகவும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். நம் சகோதரி புதுக் கார்டைத் தாமே செயல்படுத்திப் பயன்படுத்தியதால் அபராதம் கேட்கவில்லை. பிடி தளர்வான கோரிக்கையைச் சேர்த்தால் உறுதியான கோரிக்கையும் ஆட்டம் காணும் அல்லவா?

கடிதத்தில் விதியின் எண்ணையெல்லாம் எழுத வேண்டியதில்லை. நெறிமுறைகளை அவ்வப்போது திருத்தித் தொகுப்பதால் எண்கள் மாறிவிடும். “ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு நெறிமுறைகளின்படி” என்று எழுதினாலே போதும்.

முதல் பதில் ‘இல்லை’ என்று வந்தால்?

வரும். அவருக்கும் வந்தது. “கார்டின் விதிமுறைகளின்படியே கட்டணம் விதிக்கப்பட்டது, நல்லெண்ணச் சலுகை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது” என்று நவம்பர் 2ஆம் தேதி இரண்டு வரிப் பதில். கேட்ட ஆவணம் அதோடு இல்லை.

அவர் கோபித்துக்கொண்டு நீளமாக எழுதவில்லை. பாங்கின் இணையதளத்தில் ‘நோடல் அதிகாரி’ என்று, புகார்களின் அடுத்த படியில் இருப்பவரின் முகவரி கிடைக்கும். அவருக்கு முதல் கடிதத்தையும் பதிலையும் இணைத்து, ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: “2024 ஜூனில் மாற்றிய கார்டுக்குக் கட்டணம் உண்டு என்று எனக்குத் தெரிவித்த கடிதம் எது? நான் சம்மதித்த பதிவு எது? நகல் அனுப்பவும்.”

அந்தக் கேள்விக்குப் பதிலாகக் காட்ட பாங்கிடம் காகிதம் இல்லை. நவம்பர் 18 அன்று, 89.82 ரூபாயைத் திருப்பியதாகவும், அந்தக் கார்டு ஆண்டுக் கட்டணம் இல்லாததாகப் பதிவு செய்யப்பட்டதாகவும் மின்னஞ்சல் வந்தது.

அப்படி ஒரு காகிதம் பாங்கிடம் இருந்திருந்தால்? போனில் “சரி” என்று சொல்லியோ, ஓ.டி.பி. கொடுத்தோ உயர்வகைக் கார்டுக்கு நாம் சம்மதித்திருந்தால், பழைய இலவச வாக்கு புதுக் கார்டுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போதும் ஒரு வழி உண்டு. கட்டண மாற்றம் பிடிக்கவில்லை என்றால், பாக்கியைத் தீர்த்துவிட்டு, கார்டை மூடுவதற்கென்று கூடுதல் கட்டணம் எதுவும் இல்லாமல் மூடிக்கொள்ளலாம். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி எழுதினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்று அந்த நெறிமுறைகள் சொல்கின்றன. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

நோடல் அதிகாரியும் கைவிரித்தால், அல்லது புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதிலே இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் புகாரைப் பதியலாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் பாங்குக்கு எழுத்தில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள். கிளை முத்திரை விழுந்த அந்த நகலின் மதிப்பு அப்போதுதான் தெரியும். தாமதிக்காமல் போய்விடுவதும் அவசியம். காலம் கடந்த புகாரையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை

கடிதம் போட்ட சில நாளில், “பாங்கிலிருந்து பேசறோம், உங்க கட்டணத்தை ரத்து பண்ணணும், போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்க” என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். கட்டணத்தைத் திருப்ப பாங்குக்கு உங்கள் ஓ.டி.பி. வேண்டியதே இல்லை. அதேபோல், வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். அங்கே போலி எண்களும் கலந்திருக்கின்றன. கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணையே பயன்படுத்துங்கள்.

வந்த பதிலை விவரத் தாளோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு வையுங்கள். காலண்டரில் கார்டு வாங்கிய மாதத்தைக் குறித்து, அந்த மாத ஸ்டேட்மெண்டை மட்டுமாவது வரி வரியாகப் படியுங்கள். தையல் ஆசிரியை 2025 செப்டம்பரில் அப்படிப் படித்தபோது, அதில் அவர் வாங்கிய நூல்கண்டும் பட்டன்களும் மளிகையும்தான் இருந்தன. கட்டணம் என்ற வரி இல்லை.